துபாய்ல வாடகை வீடு: கம்பெனி ரூமா, சொந்த லீஸா, வெளிய வரும்போது மாட்டாம இருக்க என்னென்ன பாக்கணும்

துபாய்க்கு வேலைக்கு வர்றவங்க வீடு எடுக்கறதுல படற அவஸ்தையை விட, வீட்டை விட்டு வர்றதுல படற அவஸ்தைதான் அதிகம். வேலை போயிடும், இல்ல வேற கம்பெனி அபுதாபில கிடைச்சிடும், ஆனா கையெழுத்து போட்ட ஒரு வருஷ லீஸ் அப்படியே நிக்கும், வாடகைக்குன்னு பின்தேதி போட்டுக் குடுத்த ரெண்டு செக் ஓனர் கையில இருக்கும். நானும் முதல் வீட்ல இப்படித்தான் மாட்டினேன், அப்புறம் புதுசா வந்த பசங்களுக்கு வீடு பாத்துக் குடுக்கறப்ப எல்லாரும் அதே இடத்துல தடுக்கி விழறத பாத்துட்டு இதை வரிசையா எழுதறேன். இது துபாய் எமிரேட்டுக்கு மட்டும். ஷார்ஜால முனிசிபாலிட்டி அட்டெஸ்டேஷன், அங்க விதியும் வேற, சும்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானேன்னு இதை அங்க பொருத்திப் பாக்காதீங்க.

1. ஊர்ல இருக்கும்போதே ஆஃபர் லெட்டர்ல வீட்டு வரியைப் படிங்க

ஆஃபர் லெட்டர்ல பேசிக் எவ்ளோ, ஹவுசிங் எவ்ளோன்னு தனித்தனியா இருக்கும். ஹவுசிங் அலவன்ஸ்னு பணமா வருதா, இல்ல "கம்பெனி வழங்கும்"னு போட்டிருக்கான்னு பாருங்க. இங்க லேபர் சட்டப்படி கம்பெனி ஒண்ணு இடம் குடுக்கணும், இல்ல அதுக்கு பதிலா பணம் குடுக்கணும், இல்லன்னா அது சம்பளத்துலயே சேந்திருக்கணும். இந்த மூணாவது வகைலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, மொத்த சம்பளம் பெருசா தெரியும், வாடகை போனா கையில ஒண்ணும் நிக்காது.

இன்னொண்ணு, கிராஜுவிட்டி பேசிக் சம்பளத்தை வெச்சுதான் கணக்கு போடுவாங்க. ஹவுசிங் அலவன்ஸ் அதுல வராது. அதனால "ரூம் வேண்டாம், பணமா குடுங்க"ன்னு மாத்தி வாங்கினா கிராஜுவிட்டி கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. அலவன்ஸ் மாசாமாசம் வருமா, இல்ல வருஷத்துக்கு மொத்தமா முன்னாடியே குடுப்பாங்களா? மொத்தமா குடுத்தா, நடுவுல வேலையை விட்டா மிச்சத்தை எப்படி பிடிப்பாங்க? வருஷ வாடகைக்குன்னு 48,000 திர்ஹாம் வாங்கி ஓனர்கிட்ட குடுத்துட்டு அஞ்சாம் மாசம் வேலையை விட்டா, மீதி ஏழு மாசக் கணக்கு 28,000 உங்க ஃபைனல் செட்டில்மென்ட்ல கழியும். பணம் ஓனர்கிட்ட, கடன் உங்க தலைல.

2. ப்ரொபேஷன் முடியற வரைக்கும் ஒரு வருஷ லீஸ் போடாதீங்க

இந்த வழிகாட்டில ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். ப்ரொபேஷன் ஆறு மாசம் வரைக்கும் வெக்கலாம், அந்த சமயத்துல கம்பெனி 14 நாள் நோட்டீஸ்ல உங்களை அனுப்பலாம். லீஸ்ல இருந்து வெளிய வர சாதாரணமா 60 நாள் நோட்டீஸ் கேப்பாங்க, அதுவும் அப்படி ஒரு ஷரத்து இருந்தாத்தான். 14க்கும் 60க்கும் நடுவுல இருக்கற அந்த ஒண்ணரை மாசத்துல சம்பளம் இருக்காது, வாடகை மட்டும் இருக்கும்.

அதனால கம்பெனி ரூம் குடுத்தா மூக்கை சுளிக்காம முதல் ஆறு மாசம் அங்கயே இருந்துடுங்க. குடுக்கலன்னா மாசாமாசம் குடுக்கற பெட் ஸ்பேஸோ ஷேரிங் ரூமோ பாருங்க. ஆனா அங்கயும் ஒரு கேள்வி கேட்டே ஆகணும், இந்த ஃப்ளாட் யார் பேர்ல எஜாரி, அதாவது அரசுல பதிஞ்ச வாடகை ஒப்பந்தம், அவங்க உள்வாடகைக்கு விட ஓனர் எழுத்துல சம்மதிச்சிருக்காரா? சட்டப்படி ஓனரோட எழுத்துச் சம்மதம் இல்லாம உள்வாடகை விடக்கூடாது. பார்ட்டிஷன் போட்டு பன்னெண்டு பேர் இருக்கற ஃப்ளாட்ல இன்ஸ்பெக்ஷன் வந்தா, ராத்திரி பெட்டியோட வாசல்ல நிக்கறது நீங்கதான், காசு வாங்கினவர் போனே எடுக்க மாட்டாரு.

3. கம்பெனி இடம்னா அதோட வெளிய போற விதி என்ன

கம்பெனி வீடுன்னா ரெண்டு வகை. ஒண்ணு அல் கூஸ், ஜெபல் அலி, முஹைஸ்னா பக்கம் இருக்கற லேபர் அக்காமடேஷன். இன்னொண்ணு கம்பெனி பேர்ல லீஸ் எடுத்த ஃப்ளாட்ல உங்களுக்கு ஒரு ரூமோ முழு வீடோ. ரெண்டுலயும் நீங்க வாடகைக்காரர் கிடையாது, எஜாரி கம்பெனி பேர்ல இருக்கும், வாடகை வழக்கு மையத்துல போய் நிக்கற உரிமை உங்களுக்கு இல்ல.

வேலை முடிஞ்ச நாள்ல இருந்து அதிகபட்சம் 30 நாளைக்குள்ள காலி பண்ணணும்னு லேபர் சட்டத்துல (2021ஆம் வருஷ ஆணை எண் 33) இருக்கு. அதுக்கு மேல இருக்கணும்னா கம்பெனி எழுத்துல ஒத்துக்கணும், செலவும் உங்களோடது. இந்த 30 நாளை விசா கேன்சலேஷனுக்கு அப்புறம் கிடைக்கற கிரேஸ் பீரியடோட குழப்பிக்காதீங்க. அது விசா வகையைப் பொறுத்து மாறும், நாட்ல எத்தனை நாள் இருக்கலாம்ங்கறதைச் சொல்லுமே தவிர, ரூம்ல எத்தனை நாள் இருக்கலாம்னு சொல்லாது.

சேரும்போதே ரூம்ல என்னென்ன இருக்குன்னு கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், ஏசி ரிமோட் வரைக்கும் ஒரு லிஸ்ட்ல கேம்ப் பாஸ்கிட்ட கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. போகும்போது உடைஞ்ச கப்போர்டுக்கு 300 திர்ஹாம் கழிச்சிருக்கோம்னு சொன்னா, நீங்க வரும்போதே அது உடைஞ்சிருந்ததுன்னு காட்ட வேற வழி கிடையாது.

குடும்பத்தைக் கூட்டிட்டு வர்ற ஐடியா இருந்தா முன்கூட்டியே யோசிக்கணும். ஃபேமிலி விசாவுக்கு சம்பளம் 4,000 திர்ஹாம், இல்ல 3,000மும் கம்பெனி தங்குமிடமும் வேணும்னு விதி, அதோட எஜாரியும் கேப்பாங்க. பேச்சிலர் ரூமை வெச்சுக்கிட்டு அதுக்கு அப்ளை பண்ண முடியாது. பெரும்பாலான பேர் சொந்த லீஸுக்கு மாறறது இதுக்காகத்தான்.

4. சொந்த லீஸுக்கு கையில எவ்ளோ இருக்கணும்

உண்மையான கணக்கை பாத்தா புரியும். அல் நஹ்தால (துபாய் பக்கம்) ஒரு 1 பெட்ரூம், வருஷ வாடகை 60,000, நாலு செக்னு வெச்சுக்கங்க. முதல் செக் 15,000. டெபாசிட் வழக்கமா 5 சதவீதம், 3,000 (ஃபர்னிஷ்டுன்னா 10 சதவீதம்). ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதமும் அதுக்கு வாட்டும் சேத்து 3,150. கரண்ட், தண்ணி குடுக்கற தேவாவுக்கு டெபாசிட் ஃப்ளாட்டுன்னா 2,000. எஜாரி டைப்பிங் சென்டர்ல சுமார் 220. ஆக சாவி கையில வர்றதுக்கு முன்னாடி 23,000க்கு மேல வெளிய போயிடும், கட்டில் மெத்தை எல்லாம் இதுக்கு அப்புறம்.

இதுக்கு மேல ரெண்டு செலவை புதுசா வர்றவங்க எண்ணவே மாட்டாங்க. தேவா பில்லுலயே ஹவுசிங் ஃபீன்னு வருஷ வாடகைல 5 சதவீதத்தை பன்னெண்டா பிரிச்சு சேத்துடுவாங்க, இந்த வீட்டுக்கு மாசம் 250. இன்னொண்ணு சில்லர், அதாவது பில்டிங்குக்கே பொதுவா வர்ற ஏசி கூலிங். "சில்லர் ஃப்ரீ"ன்னு ஏஜென்ட் சொன்னா ஓனர் கட்றாருன்னு அர்த்தம், அது கான்ட்ராக்ட்ல எழுதி வரணும். ஃப்ரீ இல்லன்னா கூலிங் கம்பெனிக்கு தனி டெபாசிட், தனி பில், ஜூலை ஆகஸ்ட்ல அது கரண்ட் பில்லையே தாண்டும்.

5. கையெழுத்துக்கு முன்னாடி: யார்கிட்ட எடுக்கறோம்

டைட்டில் டீட் காப்பி கேளுங்க, ஓனர் எமிரேட்ஸ் ஐடி இல்ல பாஸ்போர்ட் காப்பி கேளுங்க, ரெண்டுலயும் ஒரே பேரான்னு பாருங்க. வேற ஒருத்தர் கையெழுத்து போட்டா பவர் ஆஃப் அட்டர்னி வேணும். செக்கை ஓனர் பேருக்கோ, பவர் இருக்கற மேனேஜ்மென்ட் கம்பெனி பேருக்கோ மட்டும் எழுதுங்க. "ஓனர் இந்தியால இருக்காரு, என் பேருக்கே போட்டுடுங்க"ன்னு ஏஜென்ட் சொன்னா அந்த வீடே வேணாம்னு எந்திரிச்சு வந்துடுங்க.

6. வெளிய வர்ற ஷரத்து: இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

நிறைய பேர் நினைக்கறது, ரெண்டு மாச வாடகை ஃபைன் கட்டிட்டா லீஸை முறிச்சிடலாம்னு இங்க சட்டமே இருக்குன்னு. இல்ல. 2007ஆம் வருஷ வாடகைச் சட்டம் எண் 26 சொல்றது, லீஸ் காலத்துக்குள்ள எந்த ஒரு தரப்பும் தன்னிஷ்டத்துக்கு முறிக்க முடியாது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடியும்னு. அந்த ரெண்டு மாச ஃபைன் வெறும் வழக்கம். கான்ட்ராக்ட்ல எழுதினா உண்டு, எழுதலன்னா ஓனர் தயவு.

எஜாரி ஸ்டாண்டர்ட் ஃபார்ம்ல கடைசில கூடுதல் ஷரத்துகளுக்கு கொஞ்சம் கோடு இருக்கும், அதோட தனியா ஒரு அடெண்டம் பேப்பரும் இணைப்பாங்க. பெரும்பாலும் அந்த அடெண்டம் ஓனருக்கு சாதகமா ஏற்கனவே டைப் பண்ணி வந்திருக்கும், ஏஜென்ட் "ஸ்டாண்டர்ட்தான் சார், சைன் பண்ணுங்க"ன்னு பேனாவை நீட்டுவாரு. உக்காந்து படிங்க. நாலு விஷயம் அதுல தெளிவா இருக்கணும்.

முதல்ல, எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை மாச வாடகை ஃபைன். "60 நாள் நோட்டீஸும், 2 மாச வாடகை ஃபைனும்" சாதாரணமா கிடைக்கும். இதுல ஒரு பொடி இருக்கு, சில பேப்பர்ல "2 மாச நோட்டீஸ் அல்லது 2 மாச வாடகை"ன்னு இருக்கும், சிலதுல "மற்றும்"னு இருக்கும். ஒரே ஒரு வார்த்தை, இந்த வீட்டுக் கணக்குல 10,000 திர்ஹாம் வித்தியாசம்.

ரெண்டாவது, வேலை போனாலோ வேற ஊருக்கு மாத்தினாலோ ஃபைன் ஒரு மாசமா குறையணும்னு கேளுங்க, கம்பெனி லெட்டர் காட்டறேன்னு சொல்லுங்க. எல்லா ஓனரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வீடு ரெண்டு மாசமா காலியா கிடந்தா ஒத்துக்குவாங்க. பேரம் பேசற சமயம் கையெழுத்துக்கு முன்னாடி அந்த அரை மணி நேரம்தான்.

மூணாவது, லீஸை முறிச்சா ஓனர் இன்னும் பேங்க்ல போடாத செக் எல்லாம் எத்தனை நாள்ல திரும்ப வரும்னு எழுதணும். இது இல்லாத பேப்பர்தான் அதிகம்.

நாலாவது, ரின்யூ பண்ணலன்னா எப்போ சொல்லணும். 60 நாளோ 90 நாளோ போட்டிருப்பாங்க, அந்தத் தேதியை அன்னைக்கே போன் கேலண்டர்ல போட்டுடுங்க. ஏன்னா தேதி முடிஞ்சும் நீங்க இருந்து ஓனரும் ஒண்ணும் சொல்லலன்னா, லீஸ் அதே காலத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ, எது குறைவோ அதுக்கு தானா நீண்டுடும்னு சட்டம் சொல்லுது.

ஓனர் உங்களை வெளிய அனுப்பணும்னா அவருக்கும் விதி இருக்கு. விக்கறதுக்கோ சொந்த உபயோகத்துக்கோன்னா லீஸ் முடியற சமயம் பாத்து, நோட்டரி வழியாவோ ரெஜிஸ்டர்டு போஸ்ட்லயோ 12 மாசம் முன்னாடி சொல்லியிருக்கணும். வாட்ஸ்அப்ல "அடுத்த மாசம் காலி பண்ணுங்க"ன்னு வந்தா பதறாதீங்க.

7. செக் விஷயத்துல பண்ணக்கூடாதது

போஸ்ட் டேட்டட் செக் எல்லாத்தையும் முதல் நாளே குடுத்துடணும், அதனால ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, நம்பரையும் தேதியையும் ரசீதுல எழுதி வாங்கிக்கங்க.

2022 ஜனவரில இருந்து பணம் இல்லாம செக் திரும்பினா பெரும்பாலும் போலீஸ் கேஸ் கிடையாது. அதைக் கேட்டுட்டு சில பேர் தைரியமா இருக்காங்க. ஆனா அந்த செக்கை வெச்சு ஓனர் நேரா எக்ஸிக்யூஷன் கோர்ட்டுக்குப் போகலாம், தனியா வழக்கு நடத்தவே வேணாம், டிராவல் பேன் வரைக்கும் போகும். அதோட செக் தேதி வர்றதுக்கு முன்னாடி வேணும்னே அக்கவுண்ட்டை க்ளோஸ் பண்றது, பணத்தை எடுத்துடறது, பேங்க்குக்கு காரணமில்லாம ஸ்டாப் சொல்றது, இதெல்லாம் இன்னமும் கிரிமினல்தான். ஊருக்குப் போற அவசரத்துல ஓனர்கிட்ட செக் இருக்கும்போதே அக்கவுண்ட்டை மூடறவங்க இந்த ரெண்டாவது வகைல போய் விழறாங்க.

8. சாவி வாங்கற அன்னைக்கு

வெறும் வீட்டை ரூம் ரூமா வீடியோ எடுங்க, குழாயைத் திறந்து, ஏசியைப் போட்டு, பாத்ரூம் சீலிங்க்ல ஈரக் கறை இருக்கான்னு காட்டி. அன்னைக்கே ஓனருக்கு மெயில்ல அனுப்புங்க, தேதி அதுலயே பதிஞ்சிடும். சாதாரண தேய்மானத்தைத் தவிர மத்தபடி வாங்கின நிலைல திருப்பிக் குடுக்கணும்னுதான் சட்டம், வாங்கின நிலை எதுன்னு காட்ட உங்ககிட்ட இந்த வீடியோதான் இருக்கும். எஜாரி உங்க பேர்ல வந்துச்சான்னு பாருங்க, கூட இருக்கறவங்க பேரையும் துபாய் ரெஸ்ட் ஆப்ல சேத்துடுங்க.

9. வெளிய வர்ற வரிசை: ஒரு தம்பியோட கணக்கு

நம்ம திருநெல்வேலி பக்கத்து தம்பி ஒருத்தன், மேல சொன்ன அதே மாதிரி வீடு. லீஸ் மார்ச் 1ல ஆரம்பம், செக் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 1ஆம் தேதிகள்ல. ஷரத்து 60 நாள் நோட்டீஸும் 2 மாச ஃபைனும். ஜூலை 1ல கம்பெனி ஒரு மாச நோட்டீஸ் குடுத்துச்சு, கடைசி நாள் ஜூலை 31. "அண்ணே, முதல்ல வேற வேலை கிடைக்குதான்னு பாக்கறேன், ஓனர்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்"னான். சொன்னது ஜூலை 31.

ஜூலை 2ஆம் தேதியே மெயில் போட்டிருந்தா 60 நாள் ஆகஸ்ட் 31ல முடிஞ்சிருக்கும். அதுவரைக்கும் வாடகை ஏற்கனவே ரெண்டு செக்ல கட்டியாச்சு. 10,000 ஃபைன், டெபாசிட் 3,000 திரும்ப வரும், ரெண்டு செக்கும் கைக்கு வந்திருக்கும்.

ஜூலை 31ல சொன்னதால செப்டம்பர் 29 வரைக்கும் லீஸ் ஓடுச்சு, செப்டம்பர் 1 செக்கை ஓனர் பேங்க்ல போட்டாரு, அதுல தப்பும் இல்ல. அதுக்குள்ள ஃபைனல் செட்டில்மென்ட் வந்துச்சு (வேலை முடிஞ்ச 14 நாளைக்குள்ள கம்பெனி குடுத்தாகணும்), ஆனா பையனுக்கு அதே பேங்க்ல பர்சனல் லோன் இருந்ததால பணத்தை பேங்க் பிடிச்சு வெச்சுடுச்சு, செக் திரும்பிடுச்சு. ஊர்ல இருந்து அண்ணன் பணம் அனுப்பி 15,000 கட்டினாங்க. அதுல அக்டோபர், நவம்பர் வாடகை 10,000ஐ ஓனர் ஃபைனா எடுத்துக்கிட்டாரு. ஆக ஒரு மாசம் லேட்டா சொன்னதுக்கு 5,000 தண்டம், செக் ரிட்டர்ன் மானக்கேடு தனி.

சரி, வரிசைக்கு வருவோம். வேலை போற சேதி வந்த அன்னைக்கே ஓனருக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் மெயில், வாட்ஸ்அப் மட்டும் பத்தாது. அப்புறம் லீஸ் முடியற தேதி, ஃபைன், திரும்ப வர வேண்டிய செக் நம்பர் எல்லாம் எழுதின டெர்மினேஷன் பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்து. பில்டிங்ல மூவ் அவுட் பெர்மிட் கேப்பாங்க, கேக்கலன்னா வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சுக்கங்க, லாரி வாசல்ல நிக்கும்போது தெரிஞ்சா கஷ்டம்.

பெயிண்ட்டும் க்ளீனிங்கும் முடிச்சு ஓனரோட வீட்டைச் சுத்திப் பாருங்க. இது முடியற வரைக்கும் தேவாவை கட் பண்ணாதீங்க. கரண்ட் போனப்புறம் ஓனர் வந்தா ஏசி ஓடுதான்னு பாக்க முடியாது, பாக்க முடியாத ஏசி ரிப்பேர்னு டெபாசிட்ல கழியும், நான் என் முதல் வீட்ல 800 திர்ஹாம் விட்டது இதுலதான். சுத்திப் பாத்த மறுநாள் தேவா ஆப்ல மூவ் அவுட் குடுங்க, ஃபைனல் பில் கட்டுங்க, டெபாசிட் ரீஃபண்டுக்கு உங்க பேங்க் அக்கவுண்ட்டோட ஐபேன் நம்பர் குடுங்க.

சாவியைக் குடுக்கற அதே நேரத்துல செக்கை வாங்குங்க. "ஆபீஸ்ல இருக்கு, கிழிச்சுப் போட்டுடறேன்"னு சொன்னா சாவியை பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஆபீஸுக்கே கூடப் போங்க. அதுக்கப்புறம் எஜாரி கேன்சல், கேன்சலேஷன் பேப்பர் ஒரு காப்பி உங்ககிட்ட. தேவா ரீஃபண்ட், ஓனர் டெபாசிட் ரெண்டும் உள்ள வந்தப்புறம்தான் பேங்க் அக்கவுண்ட்டை மூடணும்.

10. ஓனர் டெபாசிட் தரலன்னா

முதல்ல பில் கேளுங்க, என்ன ரிப்பேர், எவ்ளோன்னு. லீஸ் முடிஞ்சா டெபாசிட்டையோ கழிச்சது போக மீதியையோ திருப்பணும்னு சட்டம் இருக்கு. அதுக்கும் மசியலன்னா வாடகை வழக்கு மையம் இருக்கு, தேராவுல. ஃபீஸ் 3.5 சதவீதம், ஆனா குறைஞ்சது 500 திர்ஹாம், அதுக்கு மேல பேப்பரை அரபில மொழிபெயர்க்கற செலவு. அதனால 3,000 டெபாசிட்ல 600, 700 பிரச்சனைன்னா பேசி முடிச்சுக்கறதுதான் லாபம், முழு 3,000மும் தரலன்னா போடலாம். எஜாரி, டெர்மினேஷன் பேப்பர், முதல் நாள் வீடியோ, ஃபைனல் தேவா பில், இந்த நாலும் கையில இருந்தா போங்க. ஊருக்கு ஃப்ளைட் ஏறினப்புறம் இதை நடத்தறது ரொம்பக் கஷ்டம், அதனால டிக்கெட் போடும்போதே சாவி குடுக்கற நாளுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ரெண்டு வாரமாவது விட்டு வைங்க.